ஓரத்தில் எடுத்த துண்டு

சேர்ஜிக்கல் கிளினிக்கில் இருபத்திரண்டு வருசமாகப் புண்ணுக்கு மருந்து கட்டுகிறவள் நான். சீனி வருத்தக்காரரின் கால், நரம்பு வீங்கி வெடித்த கால், பாம்பு கடித்து அழுகின கால், செல் துண்டு பட்ட கால் என்று எத்தனையோ பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தும் சொந்தப் பெரியப்பாவின் முழங்கால் மடிப்பில் வந்த புற்றை அஞ்சு மாதமாகப் புண் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இடையில் மூன்று தரம் என் கையாலேயே கழுவிக் கட்டியும் இருக்கிறேன். அது எப்படித் தவறிப்போனது என்பதைத்தான் எழுதப்போகிறேன். எங்களிடம் வருகிற முக்கால்வாசிப் பேரிலும் இதே விதமாகத்தான் தவறுகிறது.

1966இல் பெரியப்பாவுக்கு ஒன்பது வயது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வீடு. குப்பி விளக்கு என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. ஏதாவதொரு பழைய போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டுத் திரியை விடுவார்கள். உயரமான போத்தல், ஒல்லியான அடி, மூடியும் இறுக்கமில்லை. தட்டுப்பட்டால் விழும், விழுந்தால் எண்ணெய் கொட்டும், கொட்டினால் பற்றும். இலங்கையில் எத்தனையோ பிள்ளைகள் அதில் எரிந்திருக்கிறார்கள். விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர் எரிந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்து செய்து மனம் நொந்து, குட்டையான, பாரமான, விழுந்தாலும் உருளாத, மூடி திருகிப் பூட்டுகிற ஒரு குப்பி விளக்கைச் செய்தார். அதற்காக அவருக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பெரியப்பாவுக்கு அது முப்பது வருசம் பிந்திவிட்டது.

பாயில் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தவரின் வலது காலில் விளக்குச் சரிந்தது. தொடையின் பின்பக்கத்தில் பாதியும், முழங்கால் மடிப்பும், கெண்டையின் மேல்பகுதியும் எரிந்தன. வாழையிலையில் கிடத்தித் தேங்காயெண்ணெய் தடவினார்கள். தோல் ஒட்டுவது என்ற பேச்சு அந்தக் காலத்தில் அந்த ஊருக்கு எட்டவில்லை. புண் தானாக மூட ஒரு வருசத்துக்கு மேலாயிற்று. ஆழமாக எரிந்த தோல் தானாக மூடினால் நடுவில் நல்ல தோல் முளைக்காது. ஓரங்கள் சுருங்கி ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். அப்படியே மடிப்பில் ஒரு தடித்த நாடா மாதிரித் தழும்பு விழுந்தது. கால் முழுதாக நீளாது, கொஞ்சம் மடிந்தே நிற்கும். அந்தக் காலோடுதான் அவர் ஐம்பது வருசம் வயல் செய்தார்.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் பறந்த தகரமொன்று அந்தத் தழும்பை முதன்முதலாகக் கிழித்தது. அது மூடியது. ஆனால் அதன் பிறகு அந்த இடம் ஒருபோதும் நிலையாக இருக்கவில்லை. நாற்று நடக் குந்தினால் வெடிக்கும், வரப்பில் வழுக்கினால் வெடிக்கும். பெரும்போக அறுவடை முடிகிற நேரத்தில் ஒரு சின்னப் புண், மூன்று நான்கு கிழமையில் மூடிவிடும். சில வருசம் வராது. பெரியப்பா அதைத் தன்னோடு பிறந்த ஒரு உறுப்பைப் போலப் பேசுவார். "என்ட கால் இந்த வருசம் கொஞ்சம் முந்திட்டு மனே" என்பார், மழையைச் சொல்வது போல.

எங்களை ஏமாற்றியது இந்தப் பழக்கம்தான்.

*

2018 மாசியில் வழக்கம்போல வெடித்தது. சித்திரை வருசப்பிறப்புக்கு நான் போனபோதும் மூடவில்லை. அப்போது ஒரு அஞ்சு ரூபாய்க் குத்தி அளவு. சேலைனால் கழுவி, கோஸ் வைத்துக் கட்டிவிட்டு வந்தேன். ஊரில் ஒரு இடத்தில் ஒன்றுவிட்ட ஒரு நாள் மருந்து கட்டினார்கள். சீனி பார்த்தார்கள், இல்லை. ஸ்வாப் எடுத்து அனுப்பினார்கள், கிருமி இருக்கிறது என்று வந்தது, குளிசை கொடுத்தார்கள். திறந்த புண் எதில் ஸ்வாப் எடுத்தாலும் ஏதாவதொரு கிருமி இருக்கத்தான் செய்யும். கிருமி எது என்பதற்குத்தான் அது பதில். புண் ஏன் ஆறவில்லை என்ற கேள்வியை அந்தப் பரிசோதனையிடம் யாரும் கேட்கவேயில்லை. குளிசை முடிய அடுத்த குளிசை வந்தது. "பழைய புண்தானே ஐயா, மெதுவாத்தான் ஆறும்" என்று சொல்லியிருக்கிறார்கள். இதை வைத்து நான் அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. வைகாசியில் போனபோது நானும் அதையேதான் சொன்னேன்.

முதலில் சொன்னது பெரியம்மா. ஆடியில் ஒரு பின்னேரம் தொலைபேசியில், "என்னகா மனே, இது முந்தின மணமில்ல. பாய கழுவிப் போட்டாலும் போகுதில்ல. மறுகா ராவையில வலிக்கெண்டு முனகுறார். இந்தக் காலுக்கு எப்பயும் நோவே இல்லயே" என்றார்.

எரிந்த தழும்பில் உணர்வு குறைவு. ஐம்பது வருசமாக நோகாத இடம் இப்போது நோகிறது என்றால், தழும்புக்குக் கீழே எதுவோ நரம்பைத் தொட்டிருக்கிறது. பெரியம்மா சொல்லி முடிக்கும்போதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுக் குருமண்வெளித் துறைக்குப் போனேன். அங்கிருந்து மண்டூருக்குப் பாதையில் போகவேண்டும். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன், எங்களுக்குப் பாதை என்றால் வாவியைக் கடக்கிற தட்டைப் படகு.

அவரைக் குப்புறப் படுக்கவைத்து, கட்டை அவிழ்த்து, டோர்ச் அடித்துப் பார்த்தேன். அதுவரை நான் பார்த்ததெல்லாம் புண்ணின் நடுவைத்தான். நடுவில் சிவப்பாக இருக்கிறதா, மஞ்சளாக இருக்கிறதா, சீழ் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கை பழகியிருந்தது. அன்றைக்கு ஓரத்தைப் பார்த்தேன்.

ஆறுகிற புண்ணின் ஓரம் குளத்தங்கரை போலச் சரிந்து இறங்கும். நுனியில் ஒரு மெல்லிய வெளிர்நீலத் தோல் நடுவை நோக்கி வளர்ந்துகொண்டிருக்கும். நரம்பு வீங்கின காலில் வருகிற புண்ணும் அப்படித்தான் சரிந்திருக்கும். சீனி வருத்தத்தில் உள்ளங்காலில் வருவது, துளைகருவியால் குத்தி எடுத்தது போலச் செங்குத்தான ஓரத்தோடு இருக்கும். பெரியப்பாவின் புண்ணில் ஓரம் இறங்கவில்லை, ஏறியிருந்தது. சுற்றிலுமுள்ள தோலைவிட உயர்ந்து, வெளிப்பக்கமாக மடிந்து, தொப்பியின் விளிம்பு மாதிரி நின்றது. கையுறை போட்ட விரலால் அழுத்தினேன். ஆறாத சாதாரணப் புண்ணின் ஓரம் வீங்கினாலும் மெத்தென்று இருக்கும். இது பச்சை மாங்காய்க் கொட்டைபோல இறுகியிருந்தது. ஒரு மூலையில் பூக்கோவாவின் ஒரு கொத்தைப் பிடுங்கி வைத்தாற்போலச் சதை குமிழ்ந்திருந்தது. கோஸ் பட்டதும் அதிலிருந்து இரத்தம் வடிந்தது. அளவு அஞ்சு சென்ரிமீற்றருக்கு நாலு. சித்திரையில் பார்த்த குத்தியைவிட இரண்டு மடங்கு அகலம்.

மருந்து கட்டுகிறவர்கள் இந்தச் சதைக் குமிழைப் பார்த்து ஏமாறுவது சகஜம். புண் ஆறும்போது நடுவில் சிவந்த புதுச்சதை வளரும், சிலவேளை அளவுக்கு மிஞ்சியும் வளரும். அதனால் 'சதை வளருது, நல்லது' என்று நினைத்துவிடுவோம். புதுச்சதை நடுவிலிருந்து மேலே வரும், மென்மையாக, ஈரமாக இருக்கும். ஓரத்திலிருந்து தொடங்கி, கெட்டியாக, பொருக்கும் செதிலுமாக வளருகிற சதை வேறு.

"பெரியப்பா, நாளைக்கு என்னோட வாங்க" என்றேன்.

"வெள்ளாம வேல கிடக்கு புள்ள."

"வெள்ளாம கிடக்கட்டும்."

*

தழும்பில் இப்படி வருவதற்கு மார்ஜோலின் புண் என்று பெயர். பிரெஞ்சுக்காரரான மார்ஜோலின் 1828இல் பழைய தழும்புகளில் பாலுண்ணி போல வளருகிற புண்களை விவரித்து எழுதினார். ஆனால் அது புற்று என்பது அவருக்கே தெரியவில்லை, பிறகு வந்தவர்கள்தான் அதைக் கண்டார்கள். முதலில் விவரித்த மனிதரே புண் என்று நினைத்த ஒன்றை நான் அஞ்சு மாதம் புண் என்று நினைத்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல், சரியான ஆறுதல் இல்லைதான்.

அநேகமாக அது செதிற்கலப் புற்று. தோலின் மேலடுக்கில் உள்ள செதிற்கலங்களில் தொடங்குவது. எரிந்த தழும்புகளில் மிகச் சிறிய பங்கில்தான் இது வரும், பொதுவாக நூறில் ஒன்றிரண்டு என்று சொல்வார்கள். எரிந்த நாளிலிருந்து வருவதற்கு எடுக்கிற காலம் சராசரி முப்பது வருசம், ஐம்பது அறுபது வருசம் கழித்தும் வரும். காரணம் ஒன்றல்ல. உடைவதும் மூடுவதுமாக இருக்கிற இடத்தில் ஓரத்துக் கலங்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கவேண்டும். பிரியப் பிரியப் பிழை சேரும். தழும்புக்குள் இரத்தக் குழாய் குறைவு. பிழையான கலத்தைக் கண்டுபிடித்து அழிக்கிற காவல் கலங்கள் அங்கே ஒழுங்காகப் போய்ச்சேருவதில்லை. அதனால்தான் ஆழமாக எரிந்த இடத்தை, அதுவும் மூட்டு மடிப்பில் உள்ளதை, தானாக மூட விடாமல் ஆரம்பத்திலேயே தோல் ஒட்டிவிடுகிறார்கள்.

தோல் புற்று என்று தேடினால் வருகிற படங்களில் வெள்ளைத் தோல், நீலக் கண், வெயிலில் வாடின மூக்கு. அவர்களுக்குச் செதிற்கலப் புற்று வருவது பெரும்பாலும் வெயில் படுகிற இடத்தில், மண்டையில், காதில், கீழுதட்டில், புறங்கையில். எங்கள் தோலின் கருமை வெயிலைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. ஆகவே எங்களில் அது வெயிலே படாத இடங்களில், தழும்பில், நாட்பட்ட புண்ணில், எலும்பு உக்கி வருசக்கணக்காகச் சீழ் வடிகிற துளையின் வாயில் வருவது கூடுதல். சேலை உள்பாவாடையையும் வேட்டியையும் வருசக்கணக்காக ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி, இடுப்புத் தோல் கறுத்துத் தடித்து, அதில் புற்று வந்தவர்களைப் பற்றி இந்திய வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். காஷ்மீரில் குளிருக்கு நெருப்புச் சட்டியை உடுப்புக்குள் வைத்துக்கொள்கிறவர்களுக்குத் தொடையிலும் வயிற்றிலும் வருகிறது. வெயில் படுகிற முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், சாரத்துக்குள் இருப்பது தெரியாமலே போகும்.

*

கிளினிக்கில் ஒரு துண்டு எடுத்தார்கள். அன்றைக்குச் சரியான சனம், எடுத்தவர் புதியவர். புண்ணின் நடுவிலிருந்து பயறு அளவில் ஒரு துண்டு எடுத்து, ஃபோமலின் போத்தலில் போட்டு, பெயர் ஒட்டி அனுப்பினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஓரத்தில் எடுங்கள் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. தாதி வைத்தியருக்குச் சொல்வதா என்ற அந்தப் பழைய தயக்கம். இந்தக் கதையில் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது அதுதான், சித்திரையில் தவறினதைவிடக் கூட.

இரண்டரைக் கிழமையில் ரிப்போர்ட் வந்தது. இறந்த திசு, அழற்சி, புற்றுக் கலங்கள் இல்லை. வீட்டில் பெரிய சந்தோசம். பெரியம்மா மண்டூர்க் கந்தனுக்கு நேர்ந்ததைக் கொடுத்துவிட்டு வந்தார். பெரியப்பா ரிப்போர்ட்டைச் சொப்பிங் பையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். வயலுக்கும் போகத் தொடங்கிவிட்டார்.

ரிப்போர்ட்டைப் பார்த்த சேர்ஜன் மட்டும் சந்தோசப்படவில்லை. காலைத் திரும்பவும் பார்த்தார், ஓரத்தை விரலால் சுற்றிவர அழுத்தினார். "ரிப்போர்ட் பிழையில்ல. குடுத்த துண்டுதான் பிழை" என்றார். புற்றுப் புண்ணின் நடுப்பகுதி இரத்தம் போதாமல் செத்துப்போன சதை. உயிரோடிருக்கிற, பரவிக்கொண்டிருக்கிற கலங்கள் எல்லாம் ஓரத்தில்தான். நடுவில் துண்டெடுத்தால் நுண்காட்டியில் சாம்பலைத்தான் பார்க்கலாம், நெருப்பைப் பார்க்க முடியாது. இன்னொரு சங்கடமும் உண்டு. நாட்பட்ட புண்ணின் ஓரத்தில் தோல் தடித்து உள்நோக்கி வேர்விட்டு வளர்வது, புற்று இல்லாமலே புற்று மாதிரித் தெரியும். மேலோட்டமாகச் சுரண்டி எடுத்தால் இரண்டையும் பிரித்தறிய நுண்காட்டிக்காரருக்கு வழியில்லை. ஆழமும் வேண்டும், பக்கத்து நல்ல தோலும் துண்டோடு வரவேண்டும்.

அதனால் இரண்டாம் முறை ஓரத்தைச் சுற்றி நாலு இடத்தில், மணிக்கூட்டில் பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஆப்பு வடிவில், பாதி புண்ணும் பாதி தோலுமாக வெட்டினார். நாலு துண்டும் நாலு போத்தலில். குமிழ்ந்த மூலைத் துண்டையும் இன்னொன்றையும் பார்த்துச் செதிற்கலப் புற்று என்று எழுதி வந்தது. மற்ற இரண்டிலும் இல்லை. ஒரே புண்ணில் அரைவாசி புற்று, அரைவாசி வெறும் புண். ஒரேயொரு துண்டு எடுத்திருந்தால், ஓரத்திலேயே எடுத்திருந்தாலும், தவறியிருக்கக்கூடும்.

*

பெரியப்பாவின் கதைக்கு நடுவில் இன்னும் இரண்டு பேரைச் சொல்லவேண்டும். எல்லாத் தோல் புற்றும் இப்படித்தான் இருக்கும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் ஒரு மாமி. மூக்குக்கும் கண்ணின் உள்மூலைக்கும் நடுவில் நாலு வருசமாக ஒரு கறுப்பு மச்சம். வயது போக வந்த மச்சம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். முகம் கழுவும்போது பொருக்கு உதிர்ந்து ஒரு சொட்டு இரத்தம் வரும், இரண்டு கிழமையில் பொருக்கு மூடும், மறுபடி உதிரும். வேறெதற்கோ கிளினிக்குக்கு வந்தவரைப் பார்த்துத்தான் பிடித்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பார்த்தால் ஓரம் மெழுகு பூசினாற்போல மினுங்கும். நுணுக்கமாகப் பார்த்தால் கறுத்த சின்ன மணிகளைக் கோர்த்து வட்டமாக வைத்த மாதிரி இருக்கும், நடுவில் ஒரு பள்ளம். இது அடிக்கலப் புற்று. வெள்ளைத் தோலில் இது முத்துப்போல வெளிறி, மேலே மெல்லிய சிவப்பு இழைகளோடு இருக்கும். எங்கள் தோலில் பெரும்பாலும் கறுப்பு, அதனால்தான் மச்சமென்று நினைக்கிறோம். சிலவேளை, நிறக்கலங்களில் வருகிற மெலனோமா என்ற வேறு புற்றோ என்று வைத்தியரே குழம்புவதுண்டு, துண்டு எடுத்துத்தான் தீர்க்கவேண்டும். இது உடம்பில் வேறு இடத்துக்குப் போவது மிக மிக அரிது. ஆனால் இருக்கிற இடத்தை விடாமல் அரிக்கும், கண் மூலையில் என்றால் கண்ணையே அரிக்கும். மாமிக்கு வெட்டி எடுத்ததோடு சரி. மெல்லிய தழும்பு, அவ்வளவுதான்.

மற்றது வாழைச்சேனையில் ஒரு கடற்தொழிலாளி. புறங்கையில் ஒரு பரு ஆறு கிழமையில் நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது. வட்டமாக, வழுவழுப்பாக, நடுவில் எரிமலை வாய் போலக் குழி, குழிக்குள் கொம்பு மாதிரி ஒரு கட்டிப்பொருக்கு. கெரட்டோஅகந்தோமா என்பது. வேகமாக வளர்ந்து, சில மாதம் அப்படியே நின்று, தானாகவே சுருங்கிப் போவதும் உண்டு. கேட்க நல்ல செய்திதான். ஆனால் வெறும் கண்ணால் பார்த்து இது அதுவா, உண்மையான செதிற்கலப் புற்றா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே சுருங்கும் என்று காத்திருக்காமல் முழுதாக வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அனுப்பினார்கள், அவருக்கு அது கெரட்டோஅகந்தோமாதான். இன்னொன்றும் வேகமாக வளரும், முள் குத்தின இடத்தில் செக்கச்செவேலென்று தக்காளிப்பழம் போல இரண்டு மூன்று கிழமையில் எழும்பி, தொட்டால் இரத்தம் கொட்டுவது. பார்க்கப் பயங்கரம், ஆனால் அது புற்றே இல்லை, இரத்தக் குழாய்களின் வெறும் முடிச்சு. வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பயப்படவும் முடியாது, மெதுவாக வளருகிறது என்று மாமியைப் போல நிம்மதியாக இருக்கவும் முடியாது.

*

சத்திரசிகிச்சைக்கு முன் சேர்ஜன் பெரியப்பாவின் தொடையிடுக்கைத் தடவிப் பார்த்தார். காலில் வருகிற புற்று பரவுவது என்றால் முதலில் அங்குள்ள நெறிகளுக்குத்தான் போகும். புளியங்கொட்டை அளவில் ஒரு நெறி கட்டியிருந்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. எரிந்த தழும்புக்குள் நிணநீர் வாய்க்கால்கள் எல்லாம் அடைபட்டுக் கிடப்பதால், புற்று தழும்புக்குள் இருக்கும்வரை ஒருமாதிரி அடைக்கப்பட்டே இருக்கும். தழும்பைத் தாண்டி நல்ல தோலுக்குள் கால்வைத்துவிட்டால் வாய்க்கால் திறந்த மாதிரித்தான். வெயிலில் வருகிற செதிற்கலப் புற்றைவிடத் தழும்பில் வருவது நெறிக்குப் பரவுவது கூடுதல். ஊசி குத்தி உறிஞ்சிப் பார்த்ததில் பெரியப்பாவின் நெறியில் இருந்தது கிருமித் தொற்றின் வீக்கம் மட்டும். புண் அழுகியிருந்தால் நெறி கட்டுவது இயல்புதானே. எக்ஸ்றேயில் எலும்பும் தப்பியிருந்தது. எலும்பையோ மூட்டையோ அரித்திருந்தால் காலை எடுப்பதைப் பற்றித்தான் கதைத்திருப்பார்கள்.

சாதாரணச் செதிற்கலப் புற்று சின்னதாக இருந்தால் சுற்றிவர நாலைந்து மில்லிமீற்றர் நல்ல தோலோடு வெட்டினால் போதும். தழும்பில் வருவதற்கு இரண்டு சென்ரிமீற்றர் வேண்டும். அஞ்சுக்கு நாலாக இருந்த புண், வெட்டி முடிய ஒன்பதுக்கு எட்டாக ஆனது. ஆழத்தில் தசையை மூடியிருக்கிற வெள்ளை உறை வரைக்கும் எடுத்தார்கள். இழுக்கிற பழைய நாடாவும் அதோடு போனது. இடது தொடையிலிருந்து வெங்காயத் தோல் போல மெல்லிய தோலைச் சீவி அங்கே ஒட்டினார்கள். முழங்கால் மடியாமலிருக்கப் பின்பக்கத்தில் மாக்கட்டுப் போட்டார்கள்.

அஞ்சாம் நாள் கட்டுப் பிரித்தது நான்தான், கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒட்டின தோல் ரோசா நிறமாக இருந்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கறுத்திருந்தால் போய்விட்டது. கோஸை சேலைனில் ஊறவைத்து ஒவ்வொரு இழையாகத் தூக்கினேன். கீழ்மூலையில் ஒரு நகமளவு கறுப்பு, மற்றதெல்லாம் ரோசா. பெரியப்பா அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. "புள்ள, வெட்டின கால் நோகுதில்ல. தோல் எடுத்த கால்தான் எரிஞ்சு கொல்லுது" என்றார். எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். தோல் சீவின இடத்தில் நரம்பு நுனிகள் திறந்து கிடக்கும், அதனால் ஒட்டின இடத்தைவிட எடுத்த இடம்தான் நோகும். சத்திரசிகிச்சைக்கு முன்னமே இதை நோயாளியிடம் சொல்லிவிட்டால் அரைவாசி நோவு குறையும் என்பது என் அனுபவம். அன்றைக்கு அதையும் நான் சொல்ல மறந்திருந்தேன்.

வெட்டி எடுத்ததன் ரிப்போர்ட்டில் பக்க ஓரங்களிலும் அடியிலும் புற்று இல்லை என்று வந்தது. முதல் இரண்டு வருசம் மூன்று மாதத்துக்கொருமுறை கிளினிக். திரும்ப வந்தால் அநேகமாக அந்தக் காலத்துக்குள்தான் வரும். காலையும் தொடையிடுக்கையும் பார்ப்பார்கள். முழங்காலின் பின்பக்கத்தை அவரவரே பார்க்க முடியாது என்பதால் பெரியம்மாவுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளில் பெரியப்பா அதைச் சவரம் செய்ய எடுத்துக்கொண்டுவிட்டார். இப்போது பெரியம்மா டோர்ச்சோடு தானே குனிந்து பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில், முழுகின பிறகு. மிச்சத் தழும்பு தொடையில் இன்னும் கிடக்கிறது, அதிலும் வரலாம். எதைத் தேடுவது என்று மூன்று விசயம்தான் சொல்லிக்கொடுத்தேன்: மூன்று கிழமையில் மூடாத வெடிப்பு, கையில் இறுகுகிற ஓரம், புதிதாக வருகிற நோவு. நாலாவதை, மணத்தை, அவர்தான் எனக்குச் சொல்லித்தந்தார்.

கால் இப்போது முன்பைவிட நேராக நீளுகிறது. போன மாதம் அவரோடு பாதையில் வந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு மனிசன் காலைப் பார்த்து என்ன ஐயா என்று கேட்டதுதான் தாமதம், சாரத்தைத் தூக்கிக்காட்டி, சொப்பிங் பையைப் பிரித்து, இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துவிட்டார். ஒன்றில் புற்று இல்லை, மற்றதில் புற்று. இரண்டிலும் ஒரே பெயர், ஒரே கால். அந்த மனிசன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இதில எது ஐயா சரி?" என்று கேட்டார்.

"ரெண்டும் சரிதான்" என்றார் பெரியப்பா. "இது நடுவில எடுத்தது, அது ஓரத்தில எடுத்தது."